ஒன்பது பல்கலைக்கழகம், ஒரு அட்டவணை, மூன்று தவறு

ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க 2025 குளிர்கால செமஸ்டருக்கு விண்ணப்பித்தேன். அட்மிஷன் கிடைத்துவிட்டது. ஆனால் நடுவில் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அத்தனைக்கும் காரணம் நான் போட்ட எக்ஸெல் அட்டவணைதான். சீனியர் ஒருவர் அனுப்பிய ஷீட்டில் எனக்குத் தேவையான ஒன்பது பல்கலைக்கழகங்களை வைத்துக்கொண்டு, கட்டணம், கடைசித் தேதி, தகுதி, உதவித்தொகை என்று நாலு பத்தி போட்டு, கலர் எல்லாம் அடித்திருந்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

முதல் அடி மார்ச் 2 அன்று விழுந்தது. ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு நேராக 'ஜூலை 15' என்று எழுதியிருந்தேன். அது ஜெர்மன்காரர்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கும் உள்ள தேதி. நம்மைப் போல வெளியிலிருந்து வருபவர்களுக்கு மார்ச் 1. இரண்டு தேதியும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. ஷீட்டில் இருந்ததை நம்பி நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. அன்றைக்கே உட்கார்ந்து ஒன்பது பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இன்னும் இரண்டு இடங்களில் இதே கதை. கடைசித் தேதி என்ற பத்திக்குப் பக்கத்தில் 'யாருக்கு' என்று இன்னொரு பத்தி போடாத அட்டவணையை யார் கொடுத்தாலும் நம்பாதீர்கள்.

தேதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பு வழியாகப் போகும் இடங்களில், அந்தத் தேதிக்குள் காகிதங்கள் குறையில்லாமல் அவர்களிடம் இருக்க வேண்டும். பார்த்து முடிக்க அவர்களுக்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஏதாவது குறை என்று எழுதினால், திருப்பி அனுப்ப நமக்கு நாள் வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் போர்ட்டலிலேயே விண்ணப்பம் வாங்கும். ஆனால் யூனி-அசிஸ்ட் தரும் வி.பி.டி. என்ற முன்மதிப்பீட்டுச் சான்றையும் கேட்கும். அங்கே உண்மையான கடைசித் தேதி ஒன்றரை மாதம் முன்னாலேயே வந்துவிடுகிறது. நான் 'என் தேதி' என்று புதுப் பத்தி போட்டு, எல்லாவற்றையும் எட்டு வாரம் முன்னதாக எழுதிக்கொண்டேன். நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சொல்லும் ஏ.பி.எஸ். சான்றிதழ் தனி. 18,000 ரூபாய் கட்டி, டெல்லிக்குக் காகிதம் அனுப்பி, எனக்கு ஐந்து வாரத்தில் வந்தது. அதில் பிரச்சினை இல்லை.

பெரிய கூத்து மதிப்பெண்ணில்தான் நடந்தது. என் சி.ஜி.பி.ஏ. 7.6. ஜெர்மனியில் 1 என்பது உச்சம், 4 என்பது கடைசிப் பாஸ். நம் மதிப்பெண்ணை அந்த அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. அதிகபட்ச மதிப்பெண், தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண், நாம் வாங்கியது ஆகிய மூன்றும் வேண்டும். நான் கணக்குப் போட்ட கருவியில் குறைந்தபட்சம் 4 என்று ஏற்கெனவே நிரப்பியிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்றே தோன்றவில்லை. 2.2 வந்தது. என் பட்டியலில் மூன்று படிப்புகள் 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் கேட்டன. சரி, தாராளமாக உள்ளே இருக்கிறோம் என்று பச்சை நிறம் அடித்துவிட்டேன்.

ஏப்ரலில் யூனி-அசிஸ்டிலிருந்து மெயில்: தர அளவுகோல் இல்லை, அனுப்பவும். மார்க் ஷீட்டின் முன்பக்கத்தை மட்டும்தான் ஸ்கேன் செய்திருந்தேன், அளவுகோல் பின்பக்கத்தில் இருக்கிறது. திருப்பிப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. அங்கே பாஸுக்கான கடைசி கிரேடு பி, அதற்கு 6 புள்ளி என்று அச்சடித்திருந்தது. மறுபடி கணக்குப் போட்டேன்.

```
1 + 3 × (10 − 7.6) ÷ (10 − 4) = 2.20
1 + 3 × (10 − 7.6) ÷ (10 − 5) = 2.44
1 + 3 × (10 − 7.6) ÷ (10 − 6) = 2.80
```

அதே 7.6தான். 2.8 என்றால் மூன்று படிப்பும் போச்சு. ஆனால் எனக்கே ஒரு பாடத்தில் சி கிரேடு உண்டு, அது அரியர் ஆகவில்லையே? விசாரித்ததில் தெரிந்தது: எங்கள் பேட்ச்சுக்கு விதிமுறை மாறி, சி கிரேடு, 5 புள்ளி வரை பாஸ். பழைய தாள் தீரும்வரை பின்பக்கத்தில் பழைய அளவுகோலோடே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை எழுதி வாங்கத் திருநெல்வேலியிலிருந்து கல்லூரிக்கு மூன்று முறை பஸ் ஏறினேன். தேர்வுப் பிரிவில் இருந்த கிளார்க், "அதான் மார்க் ஷீட் பின்னாடி இருக்கே தம்பி, அப்புறம் எதுக்கு லெட்டர்?" என்றார். பின்னாடி இருப்பது தப்பு என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. தப்பு என்று எழுதித் தர முடியாது என்றார். இரண்டாம் முறை போனபோது அவர் லீவு. மூன்றாம் முறை புத்தி வந்தது. தவறு பற்றி எதுவும் கேட்காமல், "இந்த மாணவர் இந்த விதிமுறையின் கீழ் படித்தார், அதிகபட்சம் 10, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 5" என்ற இரண்டு வரிக் கடிதத்தை நானே ஆங்கிலத்தில் டைப் அடித்துக்கொண்டு போனேன். பத்து நிமிடத்தில் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் கையெழுத்தும் முத்திரையும் கிடைத்தன. விதிமுறைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தையும் அட்டெஸ்ட் செய்து வாங்கினேன். இரண்டையும் ஏற்றியபின் வி.பி.டி.யில் 2.4 என்று வந்தது. அந்த ஒரு எண்ணை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

கட்டணப் பத்தியில் எல்லாவற்றுக்கும் 'இலவசம்' என்று போட்டிருந்தேன். அதுவும் பாதிதான் சரி. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இருக்கும் மாநிலத்தில் நம்மவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்காலத்திலிருந்து மாஸ்டர்ஸுக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000. சீனியரின் ஷீட் அதற்கு முந்தையது. விண்ணப்பச் செலவையும் சேருங்கள்: யூனி-அசிஸ்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்ததற்கு 30. முதல் வருடச் செலவுக்கான பணத்தை முன்பே போட்டு, அங்கே போனபின் மாதாமாதம் எடுக்கும் பிளாக்டு அக்கவுண்டில் விசாவுக்காகக் காட்ட வேண்டிய 11,904 யூரோவை எந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் கட்டணம் என்று போட மாட்டார்கள். அப்பா லோனுக்கு அலைந்தது இதற்குத்தான்.

உதவித்தொகைப் பத்தியைக் கடைசியில் அழித்தே விட்டேன். ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு தரும், வளர்ச்சி சார்ந்த படிப்புகளுக்கான உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், எனக்கு ஒன்பது மாதம்தான். மாதம் 300 யூரோ தரும் டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியத்துக்குப் பெரும்பாலான இடங்களில் சேர்ந்த பிறகுதான் கேட்க முடியும். அதை நம்பி லோன் தொகையைக் குறைத்துப் போட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

ஒன்பதில் கடைசிவரை நின்றவை நாலு. இரண்டு இடத்தில் கிடைத்தது. டிரான்ஸ்கிரிப்ட் வாங்க மறுபடி கல்லூரிக்குப் போனபோது அதே கிளார்க் கூப்பிட்டு உட்காரவைத்தார். "தம்பி, அந்த ஜெர்மனி லெட்டர் காப்பி இருக்கா? இன்னும் ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க" என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளியே நின்ற இரண்டு பேரிடமும் மார்க் ஷீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.