240 பைக்கு 12000, 264 பைக்கு 11616
கடைக்குத் துணிப்பை வாங்க ஒரு சப்ளையரிடம் மொத்த விலைப் பட்டியல் கேட்டேன். 100 முதல் 249 வரை பை ஒன்றுக்கு 50, 250 முதல் 499 வரை 44, அதற்கு மேல் 38 என்று மூன்று ஸ்லாப் போட்டு அனுப்பினார்கள். குறைந்தபட்ச ஆர்டர் 100. வரியும் வண்டி வாடகையும் தனி. எனக்குத் தேவைப்பட்டதோ 240 பைதான்.

250 தாண்டினால் 44 விலை எல்லாப் பைக்குமா, இல்லை தாண்டிய பைகளுக்கு மட்டுமா என்று முதலில் கேட்டேன். இரண்டு மாதிரியும் விற்பவர்கள் இருக்கிறார்கள், பட்டியலைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாப் பைக்கும்தான் என்றார்கள். மூன்று நிறம் கலந்து எடுத்தாலும் விலைக்கு மொத்தமாகவே கணக்கிடுவோம், ஆனால் ஒவ்வொரு நிறத்திலும் 72 ஆவது எடுக்க வேண்டும் என்றார்கள். அப்புறம் பெட்டிக் கணக்கு. ஒரு பெட்டியில் 24 பை, பெட்டியைப் பிரித்துத் தரமாட்டார்கள். அதனால் சரியாக 250 என்று வாங்கவே முடியாது, 240க்கு அடுத்தது 264தான். 240 எடுத்தால் 12000, 264 எடுத்தால் 11616. கூடுதலாக 24 பையும் வந்து பணமும் மிச்சம் என்றால் யார் விடுவார்கள்? இரண்டு நிறத்தில் நாலு நாலு பெட்டி, ஒன்றில் மூன்று என்று கொட்டேஷன் வாங்கினேன்.

கொட்டேஷன் 15 நாளுக்குத்தான் செல்லும் என்று கீழே போட்டிருந்தது. அதற்குள் பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பி, அதில் கொட்டேஷன் எண்ணையும், 'விலை ஆர்டர் செய்த மொத்த அளவுக்கு, பகுதி பகுதியாக அனுப்பினாலும் இதே விலை' என்று ஒரு வரியையும் எழுதினேன். ப்ரொபார்மா வந்தது, முன்பணம் கட்டினேன். ப்ரொபார்மா பில் இல்லை, பணம் கேட்கும் தாள்தான். கணக்கில் ஏற வேண்டியது சரக்கோடு வரும் இன்வாய்ஸ்.

இன்வாய்ஸ் வந்தபோது அதில் 240 பை, விலை 50. ஒரு நிறத்தில் ஒரு பெட்டி ஸ்டாக் இல்லையாம், பிறகு அனுப்புவார்களாம். பில் போடும் மென்பொருள் ஆர்டர் அளவைப் பார்க்காமல், அன்று அனுப்பிய அளவைப் பார்த்துத் தானாகவே கீழ் ஸ்லாபைப் பிடித்துவிட்டது. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது, ஒற்றை விலையைக் கொட்டேஷனோடு ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

போனில் பேசினால் "சிஸ்டம் அப்படித்தான் சார் எடுக்கும்" என்றார் அங்கே இருந்தவர். ஆர்டரில் இருந்த அந்த வரியை மெயிலில் காட்டியதும் வாதம் இல்லை. பை ஒன்றுக்கு 6 வீதம் 1440க்கும், அதற்கான வரிக்கும் சேர்த்து கிரெடிட் நோட் தந்தார்கள். அடுத்த பில்லில் கழித்துக்கொள்கிறோம் என்று வாய்மொழியாகச் சொன்னதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் கிரெடிட் நோட் இல்லாமல் இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகாது.

மிச்ச 24 பை வந்தபோது இன்னொரு கூத்து. 24 என்பது குறைந்தபட்ச ஆர்டருக்கும் கீழே, மென்பொருள் பில் போட மறுத்ததாம். கையால் 44 என்று விலையை மாற்றி, பழைய ஆர்டர் எண்ணைப் போட்டு 1056க்கு அனுப்பினார்கள். இரண்டு பில்லையும் கூட்டி கிரெடிட் நோட்டைக் கழித்தால் வரிக்கு முன் 11616 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாக்கியைக் கட்டினேன்.