புளியமர ஏலம் எனக்குத்தான் விழுந்துச்சு, 25,000 நஷ்டம்

தர்மபுரி பக்கம் எங்க ஊர் ரோட்டோரத்துல 42 புளியமரம், ஒரு சீசன் மகசூல் மட்டும் ஏலம். போன வருஷம் நான் எடுத்தேன். இந்த வருஷம் எடுக்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க.

ஆபீஸ் கதையை முதல்ல முடிச்சுடறேன். ஏலத்துக்கு முன்பணமா கட்டற டேவணிக்கு டிடி எடுத்துட்டுப் போனா, பதவிப் பேர்ல ஒரு வார்த்தை விட்டுப்போச்சுன்னு கிளார்க் திருப்பி அனுப்பிட்டார், 20 கிலோமீட்டர் திரும்பப் போய் பேங்க்ல கேன்சல் பண்ணி வேற எடுத்துட்டு வந்தா "மதியம் சாப்பாட்டு டைம், மூணு மணிக்கு வாங்க". நோட்டீஸ்ல எப்படி அச்சடிச்சிருக்கோ ஒரு எழுத்து மாறாம அப்படியே டிடி எடுங்க. அதோட விட்டிருந்தா ஒரு நாள் அலைச்சல், அவ்ளோதான். நான் மாட்டினது டெண்டர் கவர்ல எழுதின தொகைல.

நான் போட்ட கணக்கு இது. மரத்துக்கு 120 கிலோ காய்னு வெச்சா சுமார் 5,000 கிலோ. ஓடு, நாரு, கொட்டை போக பாதி, 2,500 கிலோ. கிலோ 100 ரூபான்னா ரெண்டரை லட்சம். உலுக்குற ஆளு, ஓடு தட்ட, கொட்டை எடுக்க, வண்டி எல்லாம் சேர்த்து 85,000. மிச்சம் 1,65,000. அதுல 15,000 எனக்கு லாபம்னு எடுத்து வெச்சுட்டு 1,50,000னு எழுதி ஒட்டிட்டேன். ரொம்ப ஜாக்கிரதையா இருக்கேன்னு நெனப்பு வேற.

அன்னிக்கு வாய்மொழி ஏலம் முதல்ல நடந்துச்சு, அதுல மூணு பேர் கேட்டாங்க, முப்பது வருஷமா புளி யாவாரம் பண்ற ஒரு பெரியவர் 1,02,000ல நின்னுட்டார். அப்புறம் கவரைப் பிரிச்சாங்க. ஒண்ணு 1,18,000. இன்னொண்ணு என்னோடது. படிச்சதும் ஹால்ல ஒரு செகண்டு சத்தமே இல்ல, பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்து "தம்பிக்கு மரமெல்லாம் தெரியுமா"ன்னு கேட்டார். எனக்கு அப்பவே வயித்துல என்னமோ பண்ணுச்சு. அடுத்த ஆளுக்கும் எனக்கும் 32,000 இடைவெளி!

கடைசில காய் 3,900 கிலோதான். 1,950 கிலோ புளி, 1,95,000 ரூபா, செலவு 70,000 போக 1,25,000. கட்டினது 1,50,000.

முதல்ல என் கண்ணைத்தான் திட்டினேன். ரோட்டுப் பக்கம் வெயில் படற கிளையை மட்டும் பார்த்து எண்ணிட்டேன், ஒரு வருஷம் நல்லா காய்ச்ச மரம் அடுத்த வருஷம் கம்மியாத்தான் காய்க்கும்ங்கறதை யோசிக்கல, கொஞ்சம் காய்ல பூச்சி வேற. சரி, அடுத்த தடவை நல்லா பார்த்துக்கலாம்னு சொன்னேன். எகனாமிக்ஸ் படிச்ச என் சித்தி பையன் ஒத்துக்கல. "அண்ணா, உன் கண்ணு மட்டும் காரணமில்ல, ஏலமே அப்படிப்பட்ட ஆளாப் பார்த்துதான் புடிக்கும்"னான்.

அவன் பேப்பர்ல போட்டுக் காட்டினது இதுதான். மரத்துல இருக்கிற புளி யாரு எடுத்தாலும் அதே புளி, மார்க்கெட் விலையும் எல்லாருக்கும் ஒண்ணுதான். அப்போ உண்மையான மதிப்பு 1,25,000னு வெச்சுக்க. அது யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு மேலயும் கீழயும் 45,000 வரை தப்பா மதிப்பு போடுவாங்க. அஞ்சு பேர் போட்டா சராசரியா எப்படி விழும்? 95, 110, 125, 140, 155 ஆயிரம்னு பரவலா விழும். நடுவுல இருக்கிறவன் சரியாச் சொன்னவன், ஆனா ஏலம் அவனுக்குப் போகாது. 155 சொன்னவனுக்குப் போகும். அவன் முட்டாளும் இல்ல, அஞ்சு பேர்ல ரொம்ப மேல தப்பினவன், அவ்ளோதான். அதனால உனக்கு ஏலம் விழுந்துச்சுங்கறதே ஒரு தகவல், மத்த நாலு பேர் உன்னைவிட கம்மியா மதிச்சிருக்காங்கன்னு. அந்தத் தகவல் ஏலம் முடிஞ்சப்புறம்தான் வரும், நீ அதை கவர் ஒட்டறதுக்கு முன்னாடியே கணக்குல சேர்த்துக்கணும்.

சேர்த்தா என்ன ஆகும்? உச்சத்துல இருக்கிறவன் சராசரியா 30,000 கூட மதிச்சிருப்பான், அப்போ உன் மதிப்புல முதல்ல 30,000 கழி. ஆனா அதோட நின்னா சராசரியா லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல, சும்மா வெயில்ல நின்னதுதான் மிச்சம். எல்லாரும் விவரமா கேக்குற மூடின டெண்டர்ல இன்னும் ஒரு 15,000 இறக்குவாங்க, அதுதான் லாபம். மொத்தம் 45,000. என் 1,65,000ல கழிச்சா 1,20,000. நான் லாபத்துக்குன்னு வெச்ச 15,000 மட்டும்தான் கழிச்சிருக்கேன், தப்புக்குன்னு ஒரு பைசா கழிக்கல.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, 1,20,000 எழுதியிருந்தாலும் எனக்குத்தான் விழுந்திருக்கும், ரெண்டாவது ஆள் 1,18,000தானே. நஷ்டத்துக்குப் பதிலா 5,000 கைல நின்னிருக்கும்.

அவன் சொன்ன இன்னொண்ணு தலைகீழா இருந்துச்சு. கூட்டம் ஜாஸ்தியா வந்தா நாம ஏத்திக் கேப்போம். ஆனா அதே 45,000 தப்புக்கு ரெண்டே பேர்னா உச்சத்துல இருக்கிறவன் 15,000தான் கூட மதிச்சிருப்பான், பத்து பேர்னா 37,000 கூட. ஆளு கூடக்கூட தப்புக்குக் கழிக்கறது ஏறும், போட்டியால லாபத்துக்குக் கழிக்கறது குறையும், மொத்தம் அதே 45,000 பக்கம்தான் நிக்கும். கூட்டத்தைப் பார்த்து ஏத்தறதுக்கு நியாயமே இல்ல.

இதை முதல்ல எழுதினது எண்ணெய் கம்பெனி எஞ்சினியருங்களாம். 1971ல அட்லாண்டிக் ரிச்ஃபீல்டுல இருந்த கேப்பன், கிளாப், கேம்ப்பெல்னு மூணு பேர், மெக்சிகோ வளைகுடால கடலுக்கடில எண்ணெய் எடுக்க ஏலம் எடுத்த கம்பெனிங்க எல்லாம் ஏன் எதிர்பார்த்த லாபம் பார்க்கலன்னு தேடினப்போ கண்டுபுடிச்சது. எனக்கு ஒரு அல்ப சந்தோஷம், ஜியாலஜிஸ்ட் வெச்சிருந்தவனே மாட்டியிருக்கான்.

இந்த வருஷம் நான் பண்ணது: மரம் ஏறுறவர், எங்க மாமா, நான், மூணு பேரும் தனித்தனியா மதிப்பு போட்டோம், ஒருத்தர் நம்பரை ஒருத்தர் பார்க்காம. எவ்ளோ தள்ளித் தள்ளி விழுதோ அதை வெச்சுத்தான் தப்போட அளவு ஓரளவுக்குத் தெரியும், மூணு பேர் சராசரி எடுத்தா அந்தத் தப்பும் கொஞ்சம் சுருங்கும். அப்புறம் கவர் போடாம வாய்மொழி ஏலத்துல நின்னேன், ஏன்னா அங்க பெரியவர் எந்தத் தொகைல வாயை மூடறார்னு கண்ணால பார்க்கலாம், அவர் நின்னாலே என் மதிப்பை இறக்கணும்னு அர்த்தம். ஒரே எச்சரிக்கை, யாவாரிங்க முன்கூட்டியே பேசிவெச்சுக்கிட்டு கம்மியா கேட்டு நிறுத்தற ஊர்னா இந்த சிக்னலை நம்பாதீங்க. அதேமாதிரி உங்க வீட்டு ஆளுங்களே கொட்டை எடுக்கறாங்க, கூலி மிச்சம்னா அது உங்களுக்கு மட்டும் உள்ள லாபம், அதுக்கு இந்தக் கழிவு தேவையில்ல.

பெரியவர் 98,000ல நின்னார். நான் 1,05,000 வரைன்னு முடிவோட போனவன், அவரைப் பார்த்துட்டு 1,00,000த்தோட உக்காந்துட்டேன். கவரைப் பிரிச்சா புதுசா வந்த ஒரு பையன் 1,41,000. ஹால்ல மறுபடியும் அதே அமைதி. டேவணியைத் திருப்பி வாங்கறதுக்கு அதே கிளார்க்குகிட்ட ரெண்டு நாள் அலைஞ்சேன், ஆனா இந்தத் தடவை கோவமே வரல.

நேத்து அந்தப் பையன் போன் பண்ணான், ஏணியும் தொரட்டியும் வாடகைக்குக் கிடைக்குமான்னு. ஒரு நாளைக்கு 300 ரூபான்னு சொல்லியிருக்கேன்.