மூக்கு அறுவைக்கு முன்: ஆல்பத்தில் காதைப் பாருங்கள்

சின்ன வயதில் விழுந்ததில் என் மூக்குத்தண்டில் ஒரு மேடு. நடுச்சுவரும் வளைந்து, வலது பக்கம் மூச்சு அரைகுறையாகத்தான் போகும். தக்கலையில் என் அம்மா, "மக்களே, மூச்சுக்குப் பாரு, அழகுக்கு வேண்டாம்" என்பார். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. நாகர்கோவிலில் ஒரு மருத்துவரையும் திருவனந்தபுரத்தில் ஒருவரையும் பார்த்தேன்.

முதல் இடத்தில், நோயாளிகளை அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களின் ஆல்பம் அசத்தலாக இருந்தது. ஒவ்வொரு 'பின்' படத்திலும் மூக்கு நுனி தூக்கலாக, மேடே இல்லாமல். வீட்டுக்கு வந்து, அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த அதே படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் காது கண்ணில் பட்டது. 'முன்' படத்தில் காதின் மேல்விளிம்பு புருவத்துக்கு நேராக இருந்தது. 'பின்' படத்தில் கண்ணுக்கும் கீழே இறங்கியிருந்தது. மூக்கு அறுவையில் காது இறங்காது. நாடியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாடியைத் தூக்கினால் தொங்கும் நுனிகூட நிமிர்ந்ததாகத் தெரியும். காதுத் துளையின் மேல்விளிம்பிலிருந்து கண்குழியின் கீழ் எலும்புக்கு ஒரு கோடு போட்டால், அது இரண்டு படத்திலும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஸ்கேலை ஃபோன் திரைமேல் வைத்தாலே போதும்.

அடுத்தது கண்மணியில் தெரியும் வெளிச்சப் புள்ளி. ஒரு படத்தில் அது பக்கவாட்டிலும் இன்னொன்றில் நடுவிலும் இருந்தால் விளக்கு மாறியிருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சம் மேட்டுக்கும் கோணலுக்கும் நிழல் கொடுக்கும். நேர் ஃபிளாஷ் அதையெல்லாம் மழுப்பிவிடும். சிரிப்பும் ஏமாற்றும். சிரிக்கும்போது நுனி கீழே இறங்கும், நாசி அகலும். 'முன்' சிரித்த முகம், 'பின்' சும்மா இருக்கும் முகம் என்றால் அது ஒப்பீடே இல்லை. கைநீட்டி எடுத்த செல்ஃபியை ஒதுக்கிவிடுங்கள். கேமரா அவ்வளவு பக்கத்தில் வந்தால் யார் மூக்கும் பெரிதாகத்தான் தெரியும்.

இரண்டாவது மருத்துவரிடம் இதை மனதில் வைத்துப் போனேன். முதல் கேள்வி: "டாக்டர், இந்தப் படம் ஆபரேஷனுக்கு எத்தனை மாதம் கழித்து எடுத்தது?" கட்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவிழ்ந்துவிடும். ஆனால் நுனியின் வீக்கம் வடிய ஓராண்டு ஆகும், தோல் தடித்தவர்களுக்கு அதற்கும் மேலே. ஆபரேஷன் மேசையிலோ சில வாரத்திலோ எடுத்த படம் முடிவைச் சொல்லாது. மேட்டை அதிகமாகச் செதுக்கி நடுப்பகுதிக்குத் தாங்கல் கொடுக்காமல் விட்டிருந்தால், எலும்பு முடியும் இடத்தில் தலைகீழ் 'V' போல ஒரு நிழல் விழும். வீக்கம் இருக்கும்வரை அது மறைந்தே இருக்கும். முன்பக்கப் படத்தில் இதைத்தான் தேட வேண்டும். பக்கவாட்டுப் படத்தை மட்டும் காட்டினால் தெரியவே தெரியாது. கீழிருந்து நாசித்துளைகள் தெரியும்படி எடுத்த படத்தையும் கேட்டேன், காட்டினார்.

அப்புறம், "என்னைப்போலத் தடித்த தோல், மேடு, வளைந்த நடுச்சுவர் உள்ளவர்களின் படம் இருக்கிறதா? உங்களுக்கே திருப்தி இல்லாத படம் ஒன்று காட்டுவீர்களா?" என்று கேட்டேன். ஒரு பெண்ணின் படத்தை, பெயர் தெரியாமல், அவர் ஒப்புதலோடு வைத்திருந்தார்; அதைக் காட்டினார். நுனி லேசாக இடதுபக்கம் சாய்ந்திருந்தது. "நடுச்சுவரின் வளைவு கொஞ்சம் திரும்பி வந்தது, மறுபடி செய்ய வேண்டியதாயிற்று" என்றார். அந்த ஒரு படத்துக்காகவே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

மூச்சைப் பற்றிக் கேட்டபோது என் கன்னத்தை விரலால் பக்கவாட்டில் இழுத்து மூச்சுவிடச் சொன்னார். சட்டென்று காற்று ஏறியது. மூக்கின் உள்ளே காற்றுப் போகும் வழி குறுகலாக இருப்பதன் அறிகுறி இது, மேட்டை மட்டும் எடுத்தால் இன்னும் குறுகும் என்றார். அதனால் நடுச்சுவரிலிருந்தே குருத்தெலும்பு எடுத்து இரண்டு பக்கமும் தாங்கலாக வைப்பதாகத் திட்டம். "அது போதாவிட்டால்?" என்றேன். காதிலிருந்து எடுப்பேன், விலா எலும்புவரை போகத் தேவை வராது என்றார். முதல் இடத்தில் மூச்சுப் பேச்சே வரவில்லை.

கடைசியாகப் பணத்தைப் பற்றிக் கேட்டேன். திருத்த அறுவை தேவைப்பட்டால் யார் செலவு, எப்போது? அவர் கட்டணம் கிடையாது. மயக்க மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நான் தர வேண்டும். ஓராண்டு முடியுமுன் கை வைக்க மாட்டேன் என்றார். அதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதச் சொன்னேன். அறுவையை முழுக்கத் தானே செய்வாரா, மயக்க மருந்து நிபுணர் யார் என்பதையும் சேர்த்தார்.

அறுவை முடிந்துவிட்டது. வலது பக்கம் மூச்சு தாராளமாகப் போகிறது. நுனி இன்னும் கொஞ்சம் உப்பலாகத்தான் இருக்கிறது. அதே விளக்கு, அதே தலைநிலையில் என்னைப் படமெடுக்க ஓராண்டு நிறைவில் வரச் சொல்லியிருக்கிறார். ஆல்பத்தில் சேர்க்கலாமா என்று அப்போது கேட்பாராம். மேடு இருந்த இடத்தின் அடியில் மிச்சமிருக்கும் சின்னக் கோணலும் தெரியட்டும் என்றால் சம்மதிப்பேன்.