மாஸ்லோ கேள்விக்குப் பிரமிடு மட்டும் போதாது

மேலாண்மை டிப்ளோமா தேர்வில் மாஸ்லோவின் தேவைப் படிநிலைக் கோட்பாட்டை உதாரணத்தோடு விளக்கி விமர்சிக்கச் சொன்னால் பலர் முதல் வேலையாகப் பிரமிடு வரைகிறார்கள். நான் வரையவில்லை. உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் அந்தப் படமே கிடையாது. பின்னால் வந்த மேலாண்மைத் துறையினர் பரப்பியது அது. உடல் தேவை, பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, தன் ஆற்றலின் முழுமை என்ற ஐந்தையும், முந்தையது ஓரளவு நிறைவேறினால்தான் அடுத்தது மனிதனை உந்தும் என்ற கருத்தையும் நான்கு வரியில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை உதாரணத்துக்கே கொடுத்தேன்.

பாடநூலில் வரும் அமெரிக்கத் தொழிற்சாலை நமக்கு எதற்கு? சுங்கை சிப்புட் பக்கம் வளர்ந்தவனுக்குச் செம்பனைத் தோட்டம் இருக்கிறதே. குலை அறுக்கும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொண்டேன். அறுக்கும் எடைக்கு ஏற்பக் கூலி. குடியிருப்பது தோட்டத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். நிர்வாகம் ‘சிறந்த தொழிலாளி’ சான்றிதழ் அறிவிக்கிறது, அவரிடம் எந்த மாற்றமும் இல்லை. இதைக் கோட்பாடு நன்றாகவே விளக்குகிறது: கூரையே உறுதியில்லாத ஒருவரை மதிப்புத் தேவை எப்படி உந்தும்?

அடுத்து அதே மனிதருக்கு வேறொரு மாநிலத்துத் தோட்டத்தில் கூடுதல் கூலியும் நிரந்தர வீடும் தருவதாகச் சொல்கிறார்கள். அவர் மறுக்கிறார். இங்கே அவர் மாரியம்மன் கோயில் பொருளாளர். அண்ணன் தம்பி குடும்பங்கள் எல்லாம் பக்கத்து லயத்தில். பாதுகாப்பை உறவு வென்றுவிட்டது. படிநிலை இடறும் இடம் இதுதான், விமர்சனத்தையும் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

ஒன்றை மறக்காமல் எழுதுங்கள். ஒரு தேவை முழுதாக நிறைவேறிய பிறகுதான் அடுத்தது எழும் என்று மாஸ்லோ சொல்லவில்லை. வரிசை மாறலாம் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தத் தளர்வுதான் சிக்கல். அந்தத் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி என்று எந்த முடிவுக்கும் பொருந்தும் கோட்பாட்டைச் சோதிப்பது எப்படி? 1976இல் வாபா, பிரிட்வெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த வரிசைக்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. தனிமனிதனின் முழுமையை உச்சியில் வைப்பது அமெரிக்கப் பார்வை என்ற குற்றச்சாட்டும் உண்டு. நம் பொருளாளர் விஷயத்தில் அந்தக் குற்றச்சாட்டு நன்றாகவே பொருந்தும்.

மாஸ்லோவின் கோட்பாட்டைத் திருத்தி அமைத்த உளவியலாளர் ஆல்டர்ஃபரை இந்த இடத்தில் ஒரு வரியில் கொண்டுவரலாம். தேவைகளை அவர் மூன்றாகச் சுருக்கி, ஒரே நேரத்தில் பல தேவைகள் இயங்கலாம் என்றார். கூலியும் கோயிலும் ஒருசேர இழுக்கும் ஒருவரை இது எளிதாக விளக்குகிறது.

முடிவுரையில் ‘ஊக்கப்படுத்த வேண்டும்’ என்று பொதுவாக எழுதாமல், நிர்வாகம் என்ன செய்யலாம் என்று எழுதினேன்: சான்றிதழுக்குப் பதிலாக, ஓய்வுக்குப் பிறகும் குடியிருக்கும்படி அதே வட்டாரத்தில் சொந்த வீடு வாங்க உதவும் திட்டம்.