பட்டாவுக்கு அலைந்ததில் போன ஆறு மாதம்

எங்கள் வேலியைப் பிடுங்கிப் பக்கத்து மனைக்காரர் ஷெட் போட்டுவிட்டார். நிலம் எட்டு சென்ட். ஸ்டேஷனில் "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று சொல்லி புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்தார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள், சுவாதீனம், அதாவது இடம் நம் கைவசம் இருப்பது, எந்தத் தேதியில் போனது என்பதற்கு அதுதான் பிறகு சாட்சி.

தாலுகா அலுவலகத்திலோ பட்டாவைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லி இழுத்தடித்தார்கள். அங்கேதான் ஆறு மாதக் கெடு கைநழுவியது. குறித்தநிவாரணச் சட்டம் 6-வது பிரிவில், வெளியேற்றப்பட்ட ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் நிலம் யாருடையது என்ற பேச்சே எழாது. வழக்குப் போட்டவர் இடத்தை அனுபவத்தில் வைத்திருந்தாரா, சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டாரா, இவ்வளவுதான் கேள்வி. எதிராளி உண்மையான சொந்தக்காரராகவே இருந்தாலும் முதலில் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தனி வழக்குப் போட்டுத்தான் உரிமையைக் கேட்க வேண்டும். தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. (ஆக்கிரமித்தது அரசு என்றால் இந்தப் பிரிவு உதவாது.) கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட முடியாது. வருவாய்த்துறையில் அலைந்த நாட்களும் கெடுக் கணக்கிலிருந்து கழியாது. அத்தனை அலைச்சலுக்குப் பிறகு பட்டா கிடைத்திருந்தாலும் அது உரிமை ஆவணம் ஆகாது என்பதுதான் எரிச்சல்.

ஆறு மாதம் போனதால் சாதாரண வழக்குதான் மிச்சம். அதற்கு 12 ஆண்டு அவகாசம், ஆனால் இரண்டு பாதை. உரிமைமூலத்தை நிரூபித்தால் (காலவரையறைச் சட்டம், இனம் 65) நிரூபிக்கும் பாரம் எதிராளி பக்கம் போகும்: 12 ஆண்டு எதிரிடை அனுபவத்தில், அதாவது சொந்தக்காரரின் உரிமைக்கு எதிராக இடத்தை வைத்து, இருந்ததாக அவர்தான் காட்ட வேண்டும். முந்தைய சுவாதீனத்தை வைத்துக் கேட்டால் (இனம் 64) கடந்த 12 ஆண்டுக்குள் நாம் அனுபவத்தில் இருந்து வெளியேற்றப்பட்டதை நாமே காட்டியாக வேண்டும்.

கோர்ட்டுக்கு எது பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு: உரிமை நிரூபணமானால் அதுதான் வலுவானது, உண்மைச் சொந்தக்காரருக்கு முன் வெறும் சுவாதீனம் நிற்காது. ஆனால் உரிமையே இல்லாத ஆக்கிரமிப்பாளருக்கு எதிராக முந்தைய சுவாதீனம் போதும். 1968-இல் நாயர் சர்வீஸ் சொசைட்டி வழக்கில், ஆறு மாதம் கடந்த பிறகும் அப்படிக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால் பிராதில், அதாவது வழக்கு மனுவில், உரிமையை முதலிலும், அது தவறினால் முந்தைய சுவாதீனத்தை மாற்றாகவும் எழுதச் சொன்னோம். வக்கீல் முனகினார், விடவில்லை. விசாரணையில் தாய்ப்பத்திரம் சரியாக இருந்தது, நடுவில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகவில்லை, உரிமைத் தொடர் அங்கே அறுந்தது. ஆனால் அதே பத்திரத்தை, முத்திரைத் தீர்வையும் அபராதமும் கட்டிய பின், யார் எந்தப் பாகத்தில் அனுபவத்தில் இருந்தார் என்பதற்கு மட்டும் கோர்ட் பார்த்தது. கூடவே பழைய வீட்டு வரி ரசீதுகளும் சிஎஸ்ஆரும். எதிராளியிடம் ஒரு துண்டுப் பத்திரம்கூட இல்லை. மாற்றாக எழுதிய அந்த ஒரு பத்தியில்தான் டிக்ரி கிடைத்தது.