ஓர் இலைக்கு இரண்டு பெயர்

வாடிப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் இதைத் தொடங்கிவைத்தார். விவசாயிகள் நெல் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து அவர் மேசையில் போடுவார்கள். அவர் பார்த்து மருந்து தருவார். இலையைப் படம் எடுத்தால் நோயின் பெயரைச் சொல்லும் நிரல் ஒன்றை நான் செய்துகொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "87 சதவீதம் குலைநோய் என்று காட்டுகிறதே தம்பி, மீதி 13 என்ன? நான் எதை நம்பி மருந்து கொடுப்பது?"

என்னிடம் பதில் இல்லை. அந்த 87 என்பது நரம்பு வலையமைப்பு தன் கடைசி அடுக்கில் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். 87 என்று சொன்ன இலைகளில் நூற்றுக்கு 87 சரியாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. குலைநோய்க்கான பூஞ்சாணக் கொல்லி பாக்டீரியா இலைக்கருகலுக்குப் பயன்படாது. துங்ரோ தாக்கிய மஞ்சள் பயிரைத் தழைச்சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா போட்டால் பணம்தான் வீண், வைரஸ் போகாது. தெரியாதபோது இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு, 'இவற்றில் ஒன்று, பத்துக்கு ஒன்பது முறை' என்று சொல்ல முடிந்தால் போதும். கன்ஃபார்மல் பிரடிக்‌ஷன் தருவது அதைத்தான்.

முறை எளிது. பயிற்சியில் சேராத, விடை தெரிந்த படங்களைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் சரியான நோய்க்கு நிரல் கொடுத்த மதிப்பெண்ணை 1-லிருந்து கழித்தால் வருவது 'பிசகு'. பிசகுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, ஏறத்தாழ 90 சதவீத இடத்தில் இருப்பதை வரம்பாகக் கொள்ள வேண்டும். புதிய இலை வரும்போது வரம்புக்குள் அடங்கும் பெயர்கள் எல்லாம் பட்டியலில் சேரும். கீழே `p` என்பது ஒதுக்கிய படங்களுக்கு நிரல் கொடுத்த மதிப்பெண்கள், `y` அவற்றின் சரியான விடைகள், `p_new` புதிய இலைக்கான மதிப்பெண்கள்.

```python
n = len(y)
s = 1 - p[np.arange(n), y]
k = int(np.ceil((n + 1) * 0.9))
q = np.sort(s)[k - 1]
keep = (1 - p_new) <= q
```

`n + 1` ஏன் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. புதிதாக வரும் இலையும் அந்த வரிசையில் ஓர் ஆள். அது எந்த இடத்தில் நிற்கவும் சம வாய்ப்பு என்றால், முதல் `k` இடங்களுக்குள் விழும் வாய்ப்பு குறைந்தது 90 சதவீதம். நிரல் நல்லதா, மட்டமா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. மட்டமான நிரலுக்குப் பட்டியல் நீளும், அவ்வளவுதான். ஆனால் 'சம வாய்ப்பு என்றால்' என்பதில்தான் நான் விழுந்தேன்.

என்னிடம் 150 வயல்களில் எடுத்த 2,400 படங்கள் இருந்தன. அவற்றைக் கலைத்துப்போட்டு 500-ஐ ஒதுக்கினேன். வரம்பு 0.41 வந்தது. அதாவது 0.59-க்குக் குறையாத மதிப்பெண் பெற்றால்தான் பட்டியலில் இடம். இரண்டு நோய்கள் ஒரே நேரத்தில் 0.59 பெற முடியாது. எனவே எல்லா இலைக்கும் ஒரே பெயர்தான் வந்தது, சிலவற்றுக்குப் பெயரே வரவில்லை. நிரல் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்துபோனேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அது.

அடுத்த வாரம், அதுவரை கால் வைக்காத 12 வயல்களில் பத்துப் பத்து இலைகளாக 120 எடுத்தேன். சரியான பெயர் இருந்தது 89-இல் மட்டும். 90 சதவீதம் என்ற வாக்கு 74-இல் நின்றது.

இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். பிழை படங்களைக் கலைத்த விதத்தில் இருந்தது. ஒரே தூரில் பக்கத்துப் பக்கத்து இலையாக எடுத்த படங்களில் ஒன்று பயிற்சிக்கும் மற்றொன்று ஒதுக்கிய தொகுப்புக்கும் போயிருந்தது. அதே வரப்பு, அதே மாலை வெளிச்சம், அதே கைபேசி. நிரல் நோயோடு சேர்த்து வயலையும் அடையாளம் கண்டுகொண்டிருந்தது. அதனால் ஒதுக்கிய படங்களில் பிசகு செயற்கையாகச் சிறுத்துப்போயிற்று. கடைக்கு வரும் இலையோ புது வயலின் இலை. அது அந்த வரிசையில் சம வாய்ப்போடு நிற்கவில்லை.

எனவே 64 வயல்களை முழுமையாக வெளியே எடுத்துவிட்டு, மீதி 86 வயல்களில் மட்டும் பயிற்சி கொடுத்தேன். பிறகு அந்த 64-இல் வயலுக்கு ஒரே ஒரு படத்தைக் குலுக்கிப் போட்டு எடுத்தேன். 500 படங்கள் 64 ஆகச் சுருங்கியது மனதை உறுத்தியது. ஆனால் உண்மையில் தொடக்கத்திலிருந்தே என்னிடம் இருந்த தனித்தனிச் சான்றுகள் வயல்கள்தாம், இலைகள் அல்ல. 65-இல் 90 சதவீதம் 58.5, மேல்நோக்கி முழுமையாக்கினால் 59. ஐம்பத்தொன்பதாவது பிசகு 0.83. இப்போது 0.17 பெற்ற பெயரும் உள்ளே வரும். பல இலைகளுக்கு இரண்டு பெயர்கள் வந்தன, சிலவற்றுக்கு மூன்று. அந்த 120 இலைகளில் 107-க்குச் சரியான பெயர் பட்டியலில் இருந்தது.

அத்துடன் நிறுத்தியிருப்பேன். ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் விடவில்லை. "விடுபட்டவை எவை?" என்றார். 64-இல் வரம்புக்கு வெளியே நின்றவை 5 வயல்கள். அவற்றில் 3 துங்ரோ. மொத்தத்தில் துங்ரோ வயல்களே 5-தான்! மற்ற நோய்களுக்கு 59-இல் 57 சரி. துங்ரோவுக்கு 5-இல் 2. சராசரி மட்டும் அழகாக 90-ஐத் தாண்டி நிற்கிறது. இந்த முறை வாக்களிப்பது சராசரியை மட்டும்தான். அரிதான நோயை அது கைவிட்டாலும் கணக்கில் தவறில்லை.

மாற்று உண்டு: ஒவ்வொரு நோய்க்கும் தனி வரம்பு. துங்ரோவின் பிசகுகளை மட்டும் வரிசைப்படுத்தித் துங்ரோவுக்கு வரம்பு காண்பது. ஆனால் 5 வயல்கள் இருந்தால் 6-இல் 90 சதவீதம் 5.4, முழுமையாக்கினால் 6. ஆறாவது பிசகு என்று ஒன்று இல்லையே! அப்படியானால் எல்லா இலையிலும் துங்ரோ என்று எழுதினால்தான் வாக்கு நிற்கும். 90 சதவீதத்துக்குக் குறைந்தது 9 வயல்கள் வேண்டும். அப்போதும் இருப்பதிலேயே பெரிய பிசகுதான் வரம்பாகும், அது ஒரே ஒரு மோசமான படத்தால் ஆடிப்போகும். அலைந்து திரிந்து 19 வயல்கள் சேர்த்தோம். பதினெட்டாவது பிசகை எடுத்தேன். துங்ரோ இப்போது பல மஞ்சள் இலைகளில் தழைச்சத்துக் குறைவோடு சேர்ந்தே வருகிறது. அந்த அலுவலர் அதற்குக் கோபப்படவில்லை. "எனக்கும் ஒற்றை இலையில் தெரியாது, வயலில் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கிறதா என்று பார்த்துத்தான் சொல்வேன்" என்றார்.

தனி வரம்பால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. என் படங்கள் எல்லாம் வாடிப்பட்டிப் பக்கத்து இருபோகப் பாசனத்தில், முதல் போகத்தில் எடுத்தவை. அடுத்து இதைக் கொண்டுபோக நினைக்கும் மேலூரோ ஒருபோகம், அங்கே மார்கழிப் பனியில் குலைநோய் கூடும். எந்த நோய் எத்தனை வயல்களில் என்ற விகிதம் மட்டும் மாறினால் நோய்வாரி வரம்புகள் தாங்கும், பொது வரம்பு தாங்காது. ஆனால் பனித்துளி படிந்த இலையே படத்தில் வேறு மாதிரி தெரிந்தால், இரண்டும் தாங்காது. மேலூரில் புதிதாக வயல்களைச் சேர்த்து, வரம்புகளை அங்கேயே மறுபடி காண வேண்டும். நிரலுக்கு மறுபயிற்சி கட்டாயமில்லை. இதுவரை 22 வயல்கள் ஆகியிருக்கின்றன.

அண்ணாச்சி கடைத் திரையில் இப்போது சதவீதம் இல்லை. ஒரு பெயர் வந்தால் மருந்து எடுக்கிறார். 'துங்ரோ / தழைச்சத்துக் குறைவு' என்று வந்தால் யூரியா மூட்டையைத் தொடுவதில்லை, "வயலில் திட்டாக இருக்கிறதா, பரவலாகவா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுக்கிறார்.