போட்டோவுக்குச் சீல் இல்லை

அப்பாவின் அந்தியேட்டி முடிந்த மறுநாள் இரவு 9.40க்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "மச்சான், சுகமோ?" இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற பள்ளிக்கூடச் சிநேகிதன். செத்தவீட்டுக்கு வரவில்லை. எட்டுச் செலவுக்கும் ஆளைக் காணவில்லை. நான் "ஓமடா" என்று எழுதி முடிப்பதற்குள் ஒரு பிறப்புப் பத்திரத்தின் போட்டோ வந்து விழுந்தது. மடிப்புக் கோடு சரியாகத் தகப்பன் பெயரின் மேல் ஓடியது. "நாளைக்குக் காலமை வேணும். ஒரு சீலும் கையெழுத்தும்தானே!"

யாழ்ப்பாணத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வெளிநாட்டுக்குப் போகிற ஆட்களின் பிறப்பு, விவாகப் பத்திரங்கள்தான் என் மேசையில் அதிகம். உதவி கேட்கிறவர்கள் எல்லோரையும் பற்றி நான் முறைப்பாடு சொல்லவில்லை. இவன் வேறு மாதிரி. அன்றிரவு பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் "சுகமோ"வில் தொடங்கிப் போட்டோவில் முடிந்திருந்தது. நானும் ஒரு நாளாவது அவனை விசாரித்தேனா என்று பார்த்தால், இல்லை. அதனால் கோபப்படவும் முழு உரிமை இருக்கவில்லை.

முன்பெல்லாம் சாட்டுச் சொல்லித் தப்பப் பார்ப்பேன். "காய்ச்சல்" என்றால் "அப்ப நாளையண்டைக்குத் தா" என்பான். "பிரிண்டர் பழுது" என்றதற்கு ஒருமுறை தன் மச்சானின் பிரிண்டரையே மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். சாட்டு என்பது தீர்க்கக்கூடிய பிரச்சினை, அவனோ தீர்ப்பதில் கெட்டிக்காரன். பதில் போடாமல் விட்டால் அம்மாவிடம் போய்ச் சொல்லுவான். அம்மா சோற்றைப் போடும்போது, "அந்தப் பிள்ளை பாவம், ஒரு கடதாசிதானாம்" என்று தொடங்குவார்.

கடதாசி ஒன்றுதான். ஆனால் அதன் அடியில் மூலப் பத்திரத்துக்கு இது சரியான மொழிபெயர்ப்பு என்று நான் சான்றளிக்கிறேன். போட்டோவில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கலாம், பின்பக்கக் குறிப்பு தெரியாமல் போகலாம், எண் மங்கியிருக்கலாம். போன வருடம் அவன் தந்த ஒரு பத்திரத்தில் பிறந்த திகதி 21, கடவுச்சீட்டில் 12. "உன்ர பக்கத்தில பன்னிரண்டு எண்டு போடு, ஆர் பாக்கப்போறான்?" என்றான். பெயரின் ஆங்கில எழுத்து என்றால் எனக்கு இடமுண்டு. 'தயாபரன்' என்பதை 'டி'யில் தொடங்குவதா 'டிஎச்'சில் தொடங்குவதா என்பதைக் கடவுச்சீட்டைப் பார்த்து அதன்படியே எழுதுவேன். திகதி அப்படியல்ல. இரண்டில் எது பிழையோ, அதைத் திருத்த வேண்டியது அதைக் கொடுத்த அலுவலகம். பத்திரம் பிழை என்றால் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். அன்றைக்கு "முடியாது" என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. அரைமணி நேரம் சுற்றி வளைத்தேன். அவனுக்கு நான் இன்னும் யோசிக்கிறேன் என்றுதான் விளங்கியது.

அதனால் இந்தமுறை இரவில் பதில் போடவில்லை. 9.40க்கு ஒருமுறை பதில் சொன்னால் 9.40 கந்தோர் நேரமாகிவிடும். காலை ஒன்பதுக்கு எழுதினேன்:

"மச்சான், மூலத்தையும் பாஸ்போட்டையும் கொண்டு கந்தோருக்கு வா. மூண்டு வேலை நாள் எடுக்கும். பக்கக் காசு எல்லாருக்கும் ஒண்டுதான். போட்டோவைப் பாத்துச் சீல் அடிக்கிறேல்லை. அதுக்கு முதல் பெயர், திகதி பொருந்துதோ எண்டு பாக்கோணுமெண்டால் போட்டோவே காணும், அதுக்குக் காசில்லை."

'மன்னிக்கவும்' என்று எழுதிவிட்டு அழித்தேன். காரணமும் எழுதவில்லை, எழுதினால் அதற்கும் ஒரு பிரிண்டர் வரும். கடைசி வரியை மட்டும் கனநேரம் யோசித்துத்தான் சேர்த்தேன். ஐந்து நிமிட வேலை, எனக்கு நட்டமில்லை, அவனுக்கோ கொழும்புக்கு ஒருமுறை வீணாகப் போய் வருவது மிச்சம்.

நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை. அம்மாவிடம் போனானாம். இந்தமுறை நான் முந்திவிட்டேன். "கந்தோருக்கு வரச் சொல்லியிருக்கிறன், அவ்வளவுதான் அம்மா" என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். அவர் அதையே அவனுக்குச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

மூன்றாம் நாள் மூலத்தோடு வந்தான். "என்னட்டையும் காசு வாங்குவியோ?" என்றான். "வாங்குவன்" என்றேன். முகம் இறுகியது. நான் பற்றுச்சீட்டு எழுதும்வரை சுவர்க் கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் கை கொஞ்சம் நடுங்கியது.

அதற்குப் பிறகு இரண்டு தடவை எழுதியிருக்கிறான், இரண்டும் பகலில். "மூலம் கையில இருக்கு, எப்ப வர?" இப்போது 'சுகமோ' கிடையாது. எனக்கு அதுதான் வசதியாக இருக்கிறது. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் மனவருத்தம்.